ரெஸ்யூமேவையும் லிங்க்ட்இன்னையும் மோதவிடுவது எப்படி?

வேலை வாங்க வழி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கைக்கு வந்த வேலையைக் கோட்டைவிட வழி சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு.

சென்னையில் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, எச்.ஆர். சுற்று எல்லாம் தாண்டி, சம்பளமும் பேசி முடித்து, வீட்டில் பாயசம் வைத்த பிறகு வேலையை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு உதவிய உத்தி ஒன்றுதான். ரெஸ்யூமே ஒன்று சொல்லும், லிங்க்ட்இன் வேறொன்று சொல்லும்.

இதற்குப் பொய் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம். ரெஸ்யூமேவை ஒரு வருடமும் லிங்க்ட்இன்னை வேறொரு வருடமும் எழுதி, இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்தால் போதும். மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

நமக்கு முன்மாதிரி என் அக்கா மகன். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறான். 2025 ஏப்ரலில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். எதிரே இருந்தவர் கையில் அவன் ரெஸ்யூமே, மேஜையில் திறந்திருந்த லேப்டாப்பில் அவன் லிங்க்ட்இன். அரைமணி நேரம் நன்றாகத்தான் பேசியிருக்கிறார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “தம்பி, இந்த ரெண்டு பேர்ல இன்னிக்கு யார் வந்திருக்கீங்க?” என்று கேட்டாராம்.

அன்று மாலை நேராக என் வீட்டுக்கு வந்தான். இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். இவ்வளவு வருடத்தில் நான் பார்த்த கோளாறுகள் எல்லாம் ஒரே ஆளிடம் குடியிருந்தன. அவனை வைத்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

பாடம் 1: அனுபவத்தை ஒரே எண்ணில் சொல்லாதீர்கள்

அவன் ரெஸ்யூமேயின் முதல் வரி ஒன்பது வருடத்துக்கு மேல் அனுபவம் என்றது. லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே இருக்கும் தலைப்பு வரி ஆறு வருடத்துக்கு மேல் என்றது. அதே பக்கத்தில் கீழே இருந்த மூன்று வேலைகளின் காலத்தையும் கூட்டினால் 8 வருடம் 10 மாதம் வந்தது.

“ஒன்பது எங்கேருந்துடா வந்துச்சு?”

“காலேஜை விட்டு வெளிய வந்து ஒன்பது வருஷம் ஆச்சே மாமா.”

“அப்ப ஆறு?”

“அது 2022-ல எழுதினது. அப்ப ஆறுதானே?”

இரண்டிலும் தப்புச் சொல்ல முடியாது. ஒன்று கல்லூரியிலிருந்து எண்ணியது, இன்னொன்று எழுதிய நாளிலேயே நின்றுபோன கடிகாரம். தலைப்பு வரியில் வருடக் கணக்கை எழுதிவைத்தால் அது தானாக வளராது. பக்கத்தின் கீழே, இப்போது பார்க்கும் வேலையின் காலம் மட்டும் மாதா மாதம் வளர்ந்துகொண்டே போகும். ஒரே பக்கத்துக்குள்ளேயே சண்டை மூட்டிவிட இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

*தப்பித்தவறியும் செய்யக் கூடாதது:* தலைப்பு வரியிலிருந்து வருடக் கணக்கை எடுத்துவிடுவது. என்ன வேலை, எந்தத் துறை என்பது மட்டும் அங்கே இருந்தால் அது பழசாகாது. வருடக் கணக்கை ரெஸ்யூமேயில் மட்டும் வைத்து, அனுப்புகிற அன்று உட்கார்ந்து எண்ணுவதும் கூடாது. அதுவும் கல்லூரியிலிருந்து எண்ணாமல், ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த தேதியிலிருந்து விலகிய தேதி வரை எண்ணிக் கூட்டினால் காரியமே கெட்டுவிடும். நாங்கள் அப்படி எண்ணினோம். முதல் வேலை 2016 ஜூலை 18 முதல் 2019 பிப்ரவரி 8 வரை. இரண்டாவது 2019 செப்டம்பர் 2 முதல் 2023 ஜனவரி 27 வரை. மூன்றாவது 2023 பிப்ரவரி 6-இல் தொடங்கி அன்றுவரை. மொத்தம் 8 வருடமும் ஏறக்குறைய 2 மாதமும். ஆக எழுத வேண்டிய எண் எட்டு.

லிங்க்ட்இன் கூட்டலில் வந்த மீதி 8 மாதம் எங்கிருந்து முளைத்தது என்பது அடுத்த பாடம்.

பாடம் 2: இடைவெளியைச் சிமென்ட் வைத்து அடையுங்கள்

அந்த எட்டில் இரண்டு மாதத்துக்கு அவன் பொறுப்பல்ல. லிங்க்ட்இன் தேதியைக் கேட்பதில்லை, மாதத்தை மட்டும்தான் கேட்கிறது. சேர்ந்த மாதத்தையும் விலகிய மாதத்தையும் முழு மாதமாகவே எண்ணிக்கொள்கிறது. 18-ஆம் தேதி சேர்ந்தவருக்கும் முழு ஜூலை, 8-ஆம் தேதி கிளம்பியவருக்கும் முழு பிப்ரவரி. மூன்று வேலை பார்த்தால் இப்படி இரண்டு மாதம் சும்மா வந்து சேரும். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, யாரும் குற்றமாக எடுப்பதில்லை.

மீதி ஆறு மாதம் அவன் கைவண்ணம். 2019 பிப்ரவரியில் அத்தானுக்கு இதய பைபாஸ் அறுவை சிகிச்சை. பையன் வேலையை விட்டுவிட்டு மதுரையில் அப்பா பக்கத்தில் இருந்தான். செப்டம்பரில்தான் அடுத்த வேலை. நடுவில் விழுந்த ஓட்டை கண்ணை உறுத்தியதால் லிங்க்ட்இன்னில் முதல் வேலையை 2019 ஆகஸ்ட் வரை இழுத்துவிட்டிருக்கிறான். ரெஸ்யூமேயில் இன்னும் நாசூக்கு. மாதத்தையே எடுத்துவிட்டு ‘2016 – 2019’, ‘2019 – 2023’ என்று வருடம் மட்டும். படிக்கிறவருக்கு ஒரு வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த வேலை வருவதுபோல் தெரியும்.

இந்த உத்தியின் அழகு, மூன்றாவதாக ஒரு சாட்சி இருப்பதை மறந்துவிடுவதில் இருக்கிறது. வேலை உறுதியானதும் கம்பெனி பின்னணி சரிபார்ப்பு நடத்தும். அப்போது உங்கள் யு.ஏ.என்., அதாவது பி.எஃப். எண்ணைக் கேட்பார்கள். அந்த ஒரு எண்ணுக்குக் கீழே நீங்கள் பி.எஃப். கட்டிய ஒவ்வொரு கம்பெனியும், சேர்ந்த தேதியும், விலகிய தேதியும் வரிசையாக நிற்கும். அது 2019 பிப்ரவரி என்று சொல்லும்போது, ஆகஸ்ட் என்று சொன்ன உங்கள் வாய்க்கு மரியாதை போய்விடும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் இருந்தது யாருக்கும் பெரிய விஷயமில்லை. அதை மறைத்ததுதான் விஷயமாகும்.

இடைவெளிக்கு நேர் எதிரான உத்தியும் உண்டு. விட்ட வேலைக்கு முடிவுத் தேதியே போடாமல் இருப்பது. புது வேலையைச் சேர்த்துவிட்டு, பழையதை இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே விட்டுவைத்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் சம்பளம் வாங்குகிறவர் போலத் தெரிவீர்கள். 2022 செப்டம்பரில் விப்ரோவின் தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, வேலையில் இருந்துகொண்டே போட்டிக் கம்பெனிக்கும் வேலை பார்த்த 300 பேரைக் கண்டுபிடித்து நீக்கியதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எச்.ஆர். கண்ணில் இது மறதியாகப் படுவதில்லை.

*தப்பித்தவறியும் செய்யக் கூடாதது:* இரண்டிலும் மாதம், வருடம் என்று ஒரே மாதிரி எழுதுவது. இடைவெளிக்கென்று லிங்க்ட்இன் 2022-லேயே ‘Career break’ என்று தனி இடம் கொடுத்துவிட்டது. அதில் குடும்பத்தினரைப் பராமரித்தது என்ற காரணத்தையே தேர்ந்தெடுக்கலாம். ரெஸ்யூமேயிலும் அதே மாதங்களோடு ஒரே ஒரு வரி போதும்:

```
Career break (family care)    Mar 2019 – Aug 2019
```

சில சமயம் பி.எஃப். பதிவிலேயே தப்பிருக்கும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமலே விட்டிருக்கும், அல்லது வேறு தேதியைப் போட்டிருக்கும். பதியாமல் விட்டிருந்தால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்த பிறகு பி.எஃப். உறுப்பினர் தளத்தில் ‘Mark Exit’ என்ற இடத்தில் நீங்களே பதியலாம். தப்பான தேதி இருந்தால் ரிலீவிங் லெட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்களாகக் கண்டுபிடிக்கும் வரை காத்திருப்பதுதான் நம் கையேட்டின் வழி.

பாடம் 3: சம்பளம் கொடுத்தவரை மறந்துவிடுங்கள்

ரெஸ்யூமேயில் முதல் வேலைக்கு நேராக யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. லிங்க்ட்இன்னில் அதே காலத்துக்கு நேராக, விளம்பரத்தில் எல்லாம் வருகிற ஒரு பெரிய தனியார் வங்கியின் சின்னம் மின்னியது.

“பேங்க்லயா வேலை பார்த்தே?”

“தினமும் அங்கதானே மாமா போனேன். அங்க சீட், அங்க கேன்டீன், கழுத்துல அவங்க ஐ.டி. கார்டு.”

“சம்பளம் யார் போட்டா?”

பதில் இல்லை.

ஐ.டி.யில் இது சர்வசாதாரணம். ஆள் ஒரு கம்பெனியின் பேரோலில் இருப்பார், உட்கார்ந்து வேலை பார்ப்பது கிளையன்ட் இடத்தில். லிங்க்ட்இன்னில் கம்பெனி பெயரைத் தட்டும்போது சின்னக் கம்பெனிக்குப் பக்கமே இருக்காது, வங்கியின் பெயர் சின்னத்தோடு வந்து நிற்கும். கை தானாக அதை அழுத்திவிடும். ஆனால் ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு, வருமானவரிப் படிவம் 26ஏ.எஸ். என எதைத் திறந்தாலும் சம்பளம் போட்டவரின் பெயர்தான் இருக்கும். சரிபார்க்கிறவர் வங்கிக்கு எழுதிக் கேட்டால், “அப்படி யாரும் எங்களிடம் வேலை பார்த்ததில்லை” என்று பதில் வரும். அதிலும் பொய் இல்லை.

*தப்பித்தவறியும் செய்யக் கூடாதது:* இரண்டிலும் கம்பெனி இடத்தில் சம்பளம் கொடுத்தவரின் பெயரை எழுதிவிட்டு, கீழே விவரத்தில் கிளையன்ட் ஒரு தனியார் வங்கி என்று சொல்வது. கிளையன்ட் பெயரை வெளியிடக் கூடாதென்று ஒப்பந்தம் இருந்தால் ‘ஒரு தனியார் வங்கி’ என்பதே போதும். பக்கம் இல்லாத கம்பெனி என்றால் பெயரை அப்படியே தட்டச்சு செய்யலாம். சின்னம் வராது, அவ்வளவுதான்.

கம்பெனியே பெயர் மாறியிருந்தால் இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. சத்யம் 2009-இல் மகிந்திரா சத்யம் ஆனது, 2013-இல் டெக் மகிந்திராவோடு இணைந்தது. ரெஸ்யூமேயில் சத்யம், லிங்க்ட்இன்னில் டெக் மகிந்திரா என்று விட்டுவைத்தால், இளவட்ட எச்.ஆர். இரண்டு கம்பெனி என்றே நினைத்துக்கொள்வார். ‘சத்யம், இப்போது டெக் மகிந்திரா’ என்று இரண்டிலும் எழுதினால் அந்தச் சுவாரசியம் போய்விடும்.

பாடம் 4: பதவி உயர்வை நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள்

இரண்டாவது வேலையில் அவன் கையில் இருந்த கடிதம் ‘அசோசியேட் கன்சல்டன்ட்’ என்றது. ரெஸ்யூமே ‘டெஸ்ட் லீட்’ என்றது. லிங்க்ட்இன் ‘கியூ.ஏ. மேனேஜர்’ என்றது. ஒரே நாற்காலி, மூன்று பட்டாபிஷேகம்.

அவன் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அசோசியேட் கன்சல்டன்ட் என்றால் என்ன வேலை என்று அந்தக் கம்பெனிக்கு வெளியே யாருக்கும் புரியாது. அவன் உண்மையிலேயே நாலு பேரை வைத்து வேலை வாங்கியிருக்கிறான். ஆள் தேடுகிறவர்கள் ‘டெஸ்ட் லீட்’ என்றுதான் தேடுவார்கள், கன்சல்டன்ட் என்று போட்டால் தேடலில் இவன் அகப்படவே மாட்டான். ஆனால் சரிபார்ப்பவர் கேட்பது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அல்ல. எந்தப் பதவியில் இருந்தீர்கள் என்றுதான் பழைய கம்பெனியின் எச்.ஆருக்கு மெயில் போகும். அவர் பதிவேட்டைப் பார்த்து இரண்டு சொல்லில் பதில் எழுதுவார். அந்த இரண்டு சொல்லில் மேனேஜர் இருக்காது.

*தப்பித்தவறியும் செய்யக் கூடாதது:* கடிதத்தில் இருக்கும் பதவியை முதலில் எழுதி, செய்த வேலையை அதன் பின்னால் சேர்ப்பது. இரண்டு இடத்திலும் எழுத்துக்கு எழுத்து இதே வரி:

```
Associate Consultant – Test Lead role, team of 4
```

தேடுகிறவருக்கு டெஸ்ட் லீட் கிடைத்துவிடும், சரிபார்ப்பவருக்கு அசோசியேட் கன்சல்டன்ட் கிடைத்துவிடும். மேனேஜர் மட்டும் காணாமல் போவார். அவர் எப்போதும் இருந்ததில்லை.

பாடம் 5: கிண்டியில் படித்துவிடுங்கள்

ரெஸ்யூமேயில் கல்லூரி, திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. லிங்க்ட்இன்னில் அண்ணா பல்கலைக்கழகம், சென்னை.

தமிழ்நாட்டுப் பொறியாளர்களுக்கென்றே அமைந்த வசதி இது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். அதனால் லிங்க்ட்இன்னில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பது பொய்யாகாது. ஆனால் வெறுமனே அந்தப் பெயரைப் பார்க்கிறவர், கிண்டி வளாகத்தில் படித்தவர் என்று எண்ணிக்கொள்வார். நம் பையனைப் பேட்டி எடுத்தவரே கிண்டி மாணவர். முகமெல்லாம் மலர்ந்து, “நீங்களும் நம்மாளா? எந்த ஹாஸ்டல்?” என்று கேட்டிருக்கிறார்.

“என்னடா சொன்னே?”

“டே ஸ்காலர்னு சொல்லிட்டேன் மாமா.”

“திண்டுக்கல்லேருந்து கிண்டிக்கா?”

*தப்பித்தவறியும் செய்யக் கூடாதது:* இரண்டிலும் கல்லூரிப் பெயரை முதலில் போட்டு, விவரத்தில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்று சேர்ப்பது.

பாடம் 6: சாதனையைச் சதவீதத்தில் சொல்லுங்கள், இரண்டு தடவை

ரெஸ்யூமே: டெஸ்டிங் நேரத்தை 40 சதவீதம் குறைத்தேன். லிங்க்ட்இன்: அதே நேரத்தை 60 சதவீதம் குறைத்தேன். எது சரி என்று அவனுக்கே தெரியவில்லை. முன்பு எத்தனை நாள், பிறகு எத்தனை நாள் என்று கேட்டேன். ஐந்து நாள் மூன்று நாளானது என்றான். குறைந்தது இரண்டு நாள், அதாவது 40 சதவீதம். மிஞ்சியது மூன்று நாள், அதுதான் 60. ஏதோ ஒரு இரவில் மிஞ்சியதைக் குறைந்ததாக எழுதிவிட்டான்.

*தப்பித்தவறியும் செய்யக் கூடாதது:* சதவீதத்தைத் தூக்கிவிட்டு ‘ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாக’ என்று இரண்டிலும் எழுதுவது. நாளை யாராவது துருவினாலும் வாயில் அதே பதில்தான் வரும்.

பாடம் 7: எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் திருத்துங்கள்

தப்புத் தெரிந்ததும் பையன் செல்போனை எடுத்தான். பிடித்து நிறுத்தினேன். லிங்க்ட்இன்னில் வேலை விவரத்தைத் திருத்தும் பக்கத்தில் ‘Notify network’ என்று ஒரு பொத்தான் உண்டு. அது திறந்திருக்கும்போது புது வரி சேர்த்தாலோ பதவியை மாற்றினாலோ தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிப்பு போகலாம். இப்போதைய மேனேஜர் காலையில் எழுந்து, ‘புதிய பொறுப்புக்கு வாழ்த்துகள்’ என்று அனுப்பும் அழகை நீங்கள் அனுபவிக்க வேண்டுமென்றால் அதைத் திறந்தே விடுங்கள்.

இனி, மிக ஆபத்தான முறையைச் சொல்கிறேன். நாங்கள் செய்தது இதுதான். லிங்க்ட்இன் பக்கத்தை ‘Save to PDF’ கொடுத்து அச்செடுத்தோம். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டோம்: கடிதம், ரெஸ்யூமே, லிங்க்ட்இன். ஒரு வேலைக்கு ஒரு வரி. கடிதப் பத்தியை மட்டும் முதலில் நிரப்பினோம், ஆஃபர் லெட்டரையும் ரிலீவிங் லெட்டரையும் பி.எஃப். பதிவையும் பார்த்து. பிறகுதான் மற்ற இரண்டையும். ஒன்றுக்கொன்று ஒத்துவராத கட்டத்தை எல்லாம் சிவப்பு மையில் சுழித்தோம். ஏழு சுழி விழுந்தது.

எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டியதில்லை. ரெஸ்யூமே இரண்டு பக்கத்தில் அடங்கி, போகிற வேலைக்கு ஏற்றதை மட்டும் சொல்லலாம். லிங்க்ட்இன் விஸ்தாரமாகப் பேசலாம். ஒன்று சொல்லாததை இன்னொன்று சொன்னால் தப்பில்லை. ஒன்று சொன்னதை இன்னொன்று மாற்றிச் சொன்னால்தான் வம்பு. கம்பெனி, பதவி, மாதம், கல்லூரி, எண்கள். இந்த ஐந்தில் மட்டும் இரண்டும் ஒரே வாயாக இருந்தால் போதும்.

இரவு பதினொன்றரைக்கு முடித்தோம். திருத்தியதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ரெண்டுலயும் இப்ப ஒரே ஆள்தான் மாமா. ஆனா கொஞ்சம் சின்ன ஆளா தெரியுறேன்.”

“வேலைக்குப் போகப் போறவன் அந்தச் சின்ன ஆள்தானேடா” என்றேன்.

மறுவாரம் அக்கா வந்தாள். பையனுக்கு வரன் பார்க்கிறாளாம், தரகரிடம் கொடுக்கப் பயோடேட்டா அச்சடித்திருந்தாள். “தம்பி, ஒரு தடவை பார்த்துக் குடுடா” என்று நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். படிப்பு: அண்ணா யூனிவர்சிட்டி. உத்தியோகம்: பேங்க் மேனேஜர்.

தாளில் நாலாவதாக ஒரு பத்தி போட இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.